சீன மெசினில் 'ரீசெட்' என்பது எந்தப் பொத்தான்?

சீனாவிலிருந்து மெசின் இறக்கும் நமது வியாபாரிகள் விலை கேட்பார்கள், கப்பல் கூலி கேட்பார்கள், உதிரிப்பாகம் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். திரையில் எந்த மொழி வரும் என்று கேட்பவர் குறைவு. மெசின் வந்து கொள்கலனைத் திறந்து, கரண்ட் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரியும். முழுத் திரையிலும் சீன எழுத்து. விற்றவர் அனுப்பிய ஆள் இரண்டு நாள் நின்று, "இதை அமத்து, அதை அமத்து" என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வேலையாட்களும் பொத்தானின் இடத்தை மனப்பாடம் பண்ணி ஓட்டுவார்கள். நன்றாக ஓடும் மட்டும் ஒன்றுமில்லை. ஒரு நாள் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒன்று வந்து மெசின் நின்றால் எதை அமத்துவது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் ஆளுக்கொரு பொத்தானை அமத்துவதில்தான் விரல் போகிறது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியார் கொச்சிக்காய்த்தூளும் மஞ்சள்தூளும் பக்கற் அடிக்கிறார். அவருடைய மெசின் நின்றபடி பக்கற் அடிக்கும் வகை. பின்னால் பிளாஸ்டிக் ரோல் இருக்கும். அதை மோட்டர் ஒன்று இழுத்துக் குழாயாக மடிக்கும், மேலிருந்து தூள் விழும், சூடான இரண்டு இரும்புத் தாடைகள் வந்து கடித்து ஒட்டி வெட்டும். அந்தத் தாடைகள் காற்றழுத்தத்தில் ஓடுபவை. சூடு 150 பாகையைத் தாண்டும். மெசினோடு வந்த ஆங்கிலக் குறிப்பு ஒரே ஒரு பக்கம்தான். அதில் ஸ்டார்ட், ஸ்டொப், அலாரம், ரீசெட் என்று நாலு சொல். ஆனால் திரைகளைப் புரட்டிப் பார்த்தால் ரீசெட் என்று சொல்லத்தக்க பொத்தான்கள் நாலு இருந்தன. நாலும் செய்யும் வேலை வேறு வேறு. ஒன்று கையையே எடுத்துவிடக் கூடியது.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வெள்ளவத்தையிலிருந்து வரும் ஒரு டெக்னீஷியன் தம்பி. சீனம் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் செய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கற் மெசினுக்கு மட்டுமல்ல, போத்தல் நிரப்பும் மெசின், பிளாஸ்டிக் வார்க்கும் மெசின், துணி வெட்டும் மெசின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் நிறுத்தும் பொத்தான். 停 என்ற எழுத்தின் உருவத்தை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. இந்த எழுத்து இருந்தால் ஏதோ ஒரு வகை நிறுத்தம் என்று அர்த்தம். 停止 என்றால் சாதாரண நிறுத்தம். 暂停 என்றால் சற்று நேரம் நிறுத்தி வைத்தல். மறுபடி அமத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். 急停 என்றால் அவசர நிறுத்தம். மூன்றிலும் அந்த ஓர் எழுத்து வருவதைப் பாருங்கள்.

ஆனால் திரையில் உள்ள 停止 பொத்தானை அமத்தியதும் மெசின் அந்தக் கணத்திலேயே நின்றுவிடும் என்று நினைக்கக்கூடாது. திரைப் பொத்தான் என்பது உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு நாம் கொடுக்கும் ஒரு விண்ணப்பம் மாதிரி. "நிறுத்து" என்று கேட்கிறோம். புரோகிராம் தன் கையில் உள்ள சுற்றை முடித்துவிட்டு நிறுத்தும். ஹாஜியாரின் மெசினில் 停止 அமத்திய பிறகும் தாடை ஒரு தடவை கடித்துவிட்டுத்தான் நிற்கிறது. பக்கற் அரைகுறையாக நிற்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், தவறு என்று சொல்ல முடியாது. அமத்தியவுடன் கையை உள்ளே விடுபவனுக்கு மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும். திரை உறைந்து போனால் அந்த விண்ணப்பம் போய்ச் சேரவும் மாட்டாது.

மஞ்சள் பின்னணியில் உள்ள பெரிய சிவப்புக் காளான் பொத்தான் வேறு சங்கதி. அது திரையை நம்பி இருப்பதில்லை. அமத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், திருகினால்தான் வெளியே வரும். மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை அது வயர் வழியாகவே வெட்ட வேண்டும். அதையும் வெறுமனே நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். மெசினை ஓட விட்டு, காளானை அமத்தி, நின்ற பிறகு திருகி விடுங்கள். திருகியதும் மெசின் தானாக ஓடத் தொடங்கினால் அதை வைத்து வேலை செய்யாதீர்கள். அவசரப் பொத்தானை விடுவிப்பது மெசினை ஓட்டிவிடக் கூடாது, ஓட்டுவதற்கு வேறாக ஒரு பொத்தான் அமத்தப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. தம்பி இன்னொன்றையும் பார்த்தார். காளானை அமத்தினால் மோட்டர் நிற்கிறது, ஆனால் காற்றுக் குழாயில் அழுத்தம் அப்படியே இருக்கிறது. தாடையின் சூடும் இருக்கிறது. எனவே சிக்கிய பிளாஸ்டிக்கை எடுக்கப் போகும்போது காளான் மட்டும் போதாது. மெயின் சுவிச்சையும் நிறுத்தி, காற்று வால்வையும் மூடி, குழாயில் உள்ள காற்றை வெளியே விட வேண்டும்.

இனி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை என்றால் ஓடும், சிவப்பு என்றால் நிற்கும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். மின்சார விநியோகப் பெட்டிகளில் சீனாவில் மரபு தலைகீழ். சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் ஓடுகிறது, பச்சை எரிந்தால் வெட்டப்பட்டிருக்கிறது. சில மெசின் செய்பவர்கள் அந்தப் பழக்கத்தைத் தங்கள் பெட்டிக்கும் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆகவே விளக்கின் நிறத்தைப் பார்த்து "நின்றுவிட்டது" என்று முடிவெடுக்க வேண்டாம். திரையில் உள்ள பொத்தானின் நிறமோ அதைச் செய்தவரின் விருப்பம்தான்.

அடுத்தது அலாரம். இரண்டு சொற்கள் வரும். 报警 என்பது எச்சரிக்கை, 故障 என்பது கோளாறு. முதலாவதை அகராதியில் தேடினால் பொலிசுக்கு அறிவித்தல் என்றும் போட்டிருக்கும். ஹாஜியாரின் மகன் அதைப் பார்த்துவிட்டுப் பயந்து போனார். மெசினில் அதற்கு வெறும் அலாரம் என்றுதான் பொருள்.

தம்பியின் முறையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அலாரத் திரையில் வரும் நீண்ட வரிகளை வாசிக்க அவர் முயற்சி செய்யவே இல்லை. "ஹாஜியார், அலாரத்தை வாசிக்கத் தேவையில்லை. நாமே ஒவ்வொன்றாக வரவழைப்போம்" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வேலையாட்கள் இல்லாத நேரம், கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெசினில் தூளும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. ஒருவர் காளான் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றார். மற்றவர் கோளாறை உண்டாக்கினார்.

முன் கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். மெசின் நின்று ஒரு வரி வந்தது. அதைப் போட்டோ எடுத்து, கடதாசியில் "கதவு திறந்திருக்கிறது" என்று எழுதினார்கள். கதவை மூடி, அலாரத்தை அழித்துவிட்டு, காற்று வால்வை மூடினார்கள். வேறொரு வரி வந்தது. அது "காற்று இல்லை". காளானை அமத்தியபோது வந்த வரியில் 急停 இருந்ததால் அதை உடனேயே அடையாளம் கண்டார்கள். பிளாஸ்டிக் ரோல் போடாமல் ஓட விட்டபோது 膜 என்ற எழுத்தோடு ஒரு வரி. அந்த எழுத்துக்கு மெல்லிய தாள் என்று அர்த்தம், ஆனால் அது தெரியாமலே "ரோல் முடிந்துவிட்டது" என்று எழுதிவிடலாம். சூடாக்கியின் செட்டிங்கை உயர்த்தி வைத்தபோது, சூடு இன்னும் ஏறவில்லை என்ற வரி வந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் ஐந்து அலாரம் கைக்குள் வந்துவிட்டது. மொழிபெயர்த்தால் பிழை வரலாம், நாமே உண்டாக்கிய கோளாறில் எந்த வரி எதற்கு என்பதில் சந்தேகம் இருக்காது.

மோட்டரின் உள்ளே வரும் கோளாறுகளை அப்படி உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மோட்டரை ஓட்டும் டிரைவ் என்ற கருவி இருக்கும். அதன் சிறு திரையில் வருவது அநேகமாக ஆங்கில எழுத்துத்தான். OC என்று தொடங்கினால் கரண்ட் அளவுக்கு மீறியது, OL என்றால் சுமை கூடியது, OU அல்லது OV என்றால் வோல்டேஜ் கூடியது, LU அல்லது LV என்றால் வோல்டேஜ் குறைந்தது. கருவிக்குக் கருவி சற்று மாறும், ஆனால் கொழும்பில் கரண்ட் ஏறி இறங்கும் நாட்களில் கடைசி இரண்டும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெட்டிக்குள் கரண்ட் இருக்கும்போது திறப்பது டெக்னீஷியனின் வேலை, முதலாளியின் வேலை அல்ல.

அலாரத்தில் பலரையும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. அலாரத் திரை ஒன்றல்ல, இரண்டு. 当前报警 என்பது இப்போது இருக்கும் அலாரம். 历史报警 அல்லது 报警记录 என்பது பழைய அலாரங்களின் பதிவேடு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி, திகதியும் நேரமும் வரிசையாக இருக்கும். ஹாஜியாரின் வேலையாட்கள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தனை தரம் ரீசெட் அடித்தாலும் போகவில்லை" என்று ஒரு நாள் முழுக்க மெசினை நிறுத்தி வைத்திருந்தார்கள். பதிவேட்டில் உள்ளது போகாது, போகவும் கூடாது. அடையாளம் இதுதான்: கதவைத் திறந்து மூடி அழித்த பிறகு அந்த வரி மறைந்தால் அது இப்போதைய அலாரத் திரை, வரி அப்படியே இருந்து, ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடினால் அது பதிவேடு. பதிவேடும் பிரயோசனமானதுதான். வாசிக்கத் தெரியாவிட்டாலும், ஒரே உருவமுள்ள வரி தினமும் காலை பத்து மணிக்கு வருகிறது என்று கண்டால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தேடலாம். ஹாஜியாரின் இடத்தில் காற்று அலாரம் அப்படித்தான் வந்தது. அதே கொம்ப்ரசரில் இன்னொருவர் அந்நேரம் தூசி ஊதிக் கொண்டிருந்தார்.

இப்போது ரீசெட்டுக்கு வருவோம். ஆபத்து இங்கேதான்.

முதலாவது 消音. கோளாறு வந்ததும் 'பீப் பீப்' என்று கத்தும் சத்தத்தை இது நிறுத்தும். சத்தம் நின்றதும் கோளாறும் தீர்ந்தது என்று நினைப்பார்கள். தீரவில்லை, வரி திரையிலேயே இருக்கும்.

இரண்டாவது 报警复位 அல்லது 故障复位. இதுதான் நாம் தேடும் ரீசெட். முன்னால் அலாரம் அல்லது கோளாறு என்ற சொல், பின்னால் 复位. காரணத்தைச் சரி செய்த பிறகு இதை அமத்தினால் வரி மறையும். காரணம் இன்னும் இருந்தால் மறைந்து உடனே திரும்பி வரும். சில மெசின்களில் 清除 என்றும் போட்டிருப்பார்கள், அழித்தல் என்று அர்த்தம்.

மூன்றாவது, முன்னால் ஒன்றுமில்லாமல் தனியே 复位 என்று மட்டும் இருப்பது. அல்லது 原点 என்ற சொல்லோடு வருவது. 复位 என்பதன் நேரடிப் பொருள் 'பழைய இடத்துக்குத் திரும்பு' என்பதே. எனவே அலாரத்தை அழிப்பதற்கும் அதே சொல், மெசினின் அங்கங்களைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோவதற்கும் அதே சொல். ஆங்கிலக் குறிப்பு எழுதியவர் இரண்டையும் ரீசெட் என்று எழுதி வைத்துவிட்டார். ஹாஜியாரின் மெசினில் முதல் திரையில் உள்ள 复位 பொத்தானை அமத்தினால் பிளாஸ்டிக் இழுக்கும் பட்டி சுற்றும், தாடை திறந்து மூடும். அலாரத்தை அழிக்கப் போவதாக நினைத்து ஒருவன் இதை அமத்தும்போது, மற்றவன் சிக்கிய பிளாஸ்டிக்கை உள்ளே கைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

நாலாவது, எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் 清零. இதனால் ஆளுக்கு ஆபத்தில்லை, அன்றைய பக்கற் கணக்குத்தான் போகும். ஆனால் செட்டிங் திரைகளின் கடைசியில், பாஸ்வேர்டுக்குப் பின்னால் 出厂 என்ற எழுத்தோடு ஒன்று இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது மெசினைத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நிலைக்குக் கொண்டுபோகும். பக்கற்றின் நீளம், சூடு, வேகம் என்று நீங்கள் மாதக்கணக்காகச் சரிசெய்து வைத்தது எல்லாம் அழிந்துவிடும். தம்பி வேலையைத் தொடங்கும் முன்பே எல்லாச் செட்டிங் திரைகளையும் ஒன்று விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

எது எந்த ரீசெட் என்று எழுத்தைக் கொண்டு ஊகித்த பிறகும் அவர் சோதித்துத்தான் முடிவு சொன்னார். கதவைத் திறந்து அலாரத்தை வரவழைத்தார்கள். கதவை மூடினார்கள், வரி அப்படியே நின்றது. இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் காளானுக்குப் பக்கத்தில். சந்தேகமான பொத்தானை ஒரு தரம் மட்டும் அமத்தினார்கள். சத்தம் மட்டும் நின்றதா, வரி போனதா, ஏதாவது அசைந்ததா என்ற மூன்றையும் பார்த்து எழுதினார்கள். பிறகு அடுத்த பொத்தான். தொடக்க இடத்துக்குப் போகும் பொத்தானை மறுபடியும் கதவு திறந்த நிலையில், நீண்ட தடியால் அமத்திப் பார்த்தார்கள். நல்ல மெசின் என்றால் கதவு திறந்திருக்கும்போது அசைய மறுக்க வேண்டும். இது அசைந்தது. கதவுச் சுவிச்சை வெறும் அலாரத்துக்கு மட்டும் இணைத்திருந்தார்கள். அடுத்த கிழமையே தம்பி அந்தச் சுவிச்சின் வயரை மோட்டருக்கும் காற்று வால்வுக்கும் போகும் மின்சாரத்தை வெட்டுமாறு மாற்றிக் கட்டினார். ஆபத்தான பாகங்களுக்கு மறைப்புப் போடுவது இந்நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி நடத்துபவரின் பொறுப்பு. "சீனாக்காரன் அப்படித்தான் அனுப்பினான்" என்பது பதிலாகாது.

திரையில் இல்லாமல் பெட்டியின் மேல் உள்ள பொத்தான்களை அறிய இன்னும் இலகுவான வழி இருக்கிறது. சீனத்தில் வரைந்த வயரிங் படமாக இருந்தாலும் கருவிகளின் குறியீடு ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். SB என்றால் அமத்தும் பொத்தான், SA என்றால் திருப்பும் சுவிச், HL என்றால் விளக்கு, KM என்றால் மோட்டரை இணைக்கும் கொன்டக்டர். SB2 என்ற பொத்தானின் வயர் எந்த இலக்கத்தோடு கட்டுப்பாட்டுக் கருவிக்குள் போகிறது என்று படத்தில் பார்க்கலாம். அந்தக் கருவியில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. பொத்தானை அமத்தும்போது அதன் விளக்கு எரியும். காளானுக்கும் கதவுக்கும் மட்டும் மறுபக்கம். சாதாரணமாக எரிந்துகொண்டே இருந்து, அமத்தினால் அல்லது திறந்தால் அணையும். எலி வயரைக் கடித்தாலும் மெசின் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். உங்கள் மெசினில் காளானை அமத்தும்போது அந்த விளக்கு அணைவதற்குப் பதிலாக எரிந்தால், யாரோ ஒருவர் பிறகு வயரை மாற்றிக் கட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். பாவித்த மெசின் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியில் தம்பி திரைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கவிட்டார். திரைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பிரயோசனமில்லை, ஏனென்றால் திரை மாறினால் அதே இடத்தில் வேறு பொத்தான் வரும். அட்டையில் ஒவ்வொரு திரையின் போட்டோவும், ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும். ரீசெட் என்ற சொல்லை அவர் எங்கும் எழுதவில்லை. "சத்தம் நிறுத்து", "அலாரம் அழி", "மெசின் அசையும், கையை எடு", "கணக்கு பூச்சியம்" என்று அது செய்யும் வேலையையே எழுதினார். மூன்றாவதற்குச் சிவப்புக் கோடு. ஐந்து அலாரத்துக்கும் பக்கத்தில் காரணம் ஒரு வரி.

புதிதாக மெசின் வாங்கப் போகிறவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. ஓடர் கொடுக்கும்போதே விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்: திரை ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், திரையின் புரோகிராம், கட்டுப்பாட்டுக் கருவியின் புரோகிராம் இரண்டின் பிரதியும் பாஸ்வேர்டும் வயரிங் படமும் தர வேண்டும். பொதுவாக 30 வீதம் முற்பணம், மீதி 70 வீதம் கப்பலேற்றும் முன் என்றுதான் பேசுவார்கள். அந்த 70 வீதத்தை அனுப்பும் முன் எல்லாத் திரைகளையும் ஆங்கிலத்தில் புரட்டிக் காட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். முதல் திரை மட்டும் ஆங்கிலத்தில் இருந்து, அலாரத் திரை சீனத்திலேயே இருப்பது அடிக்கடி நடக்கும். எனவே கதவைத் திறந்து ஓர் அலாரம் வரவழைத்துக் காட்டவும் சொல்லுங்கள். மெசின் ஏற்கனவே வந்துவிட்டவர்கள் திரையில் 语言 என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது மொழி மாற்றும் இடம். ஹாஜியாரின் மெசினில் அது இருக்கவில்லை. விற்றவர்கள் ஆங்கிலத் திரையின் புரோகிராமை அனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து வந்தது, யூ.எஸ்.பி. வழியாகத் திரைக்குள் ஏற்றினார்கள். அதிலும் 复位 இரண்டுக்கும் ரீசெட் என்றே போட்டிருந்தார்கள். அட்டை இன்னும் தொங்குகிறது.